எத்தனை பக்கம் என்று கேட்பதற்கு முன் பில் புக்கை எடுங்கள்

கடலூர், பண்ருட்டி, பாண்டிச்சேரி வட்டாரத்தில் சிறு வியாபாரிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது என் பிழைப்பு. வருகிற போன் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "அஞ்சு பக்கம் போட்டா எவ்வளவு ஆகும், பத்து பக்கம்னா எவ்வளவு?" கையோடு வேறு ஏதோ ஒரு கம்பெனியின் லிங்க்கும் வாட்ஸ்அப்பில் வந்து விழும், இதே மாதிரி இருந்தால் போதும் என்று. பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: உங்கள் சைட்டுக்கு வருகிற ஆள், பார்த்து முடித்ததும் என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலும் வருகிற பதில், "நம்ம கடையைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்." சரி, தெரிந்துகொண்டு? அதற்குப் பதில் சட்டென்று வராது. அது வராதவரைக்கும் எத்தனை பக்கம், என்ன கலர், மேலே ஸ்லைடர் வேண்டுமா என்று பேசுவதில் அர்த்தம் இல்லை. எதை வைத்துச் சரி தப்பு சொல்வது?

பண்ருட்டிப் பக்கம் முந்திரி தொழில் செய்கிற ஒரு அண்ணனுக்குச் செய்து கொடுத்த சைட்டை எடுத்துக்கொள்கிறேன். கொட்டை வாங்கி, உடைத்து, தோல் நீக்கி, ரகம் பிரித்து டின்னில் அடைக்கிற சிறிய யூனிட். அவருக்குக் கல்லூரி முடித்த பையன். சைட் வேண்டும் என்று கேட்டதே பையன்தான். அவன் ஒரு பட்டியலோடு வந்தான்: முகப்பு, எங்களைப் பற்றி, எங்கள் நோக்கம், தயாரிப்புகள், கேலரி, வலைப்பதிவு, தொடர்பு. அது போக ஆன்லைனில் காசு கட்டி வாங்குகிற வசதி. முகப்பில் டிரோனில் எடுத்த முந்திரித் தோப்பு வீடியோ ஓட வேண்டும். "அண்ணா, இந்தியா முழுக்க விக்கலாம்ணா" என்றான். அப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஊர் ஊரா ஸ்வீட் கடைக்காரங்க வந்தா போதும் தம்பி" என்றார்.

இந்த இரண்டும் ஒரே ஆசை மாதிரி கேட்கும். ஆனால் இரண்டும் வெவ்வேறு வெப்சைட்.

இந்த மாதிரி இடத்தில் நான் செய்வது, போன வருஷத்துப் பில் புக்கை எடுத்து வைக்கச் சொல்வது. பில்களை மூன்றாகப் பிரித்தோம். பல வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கிற மொத்தக் கடைகள் ஒரு பக்கம். வாசலுக்கே வந்து ஒரு கிலோ, அரைக் கிலோ வாங்கிப் போகிறவர்கள் ஒரு பக்கம். அந்த வருஷம் புதிதாக வந்து சேர்ந்தவர்கள் மூன்றாவது. பணத்தில் பெரும்பங்கு முதல் பக்கத்தில்தான் இருந்தது, அதில் ஆச்சரியம் இல்லை. மூன்றாவது கட்டுதான் எனக்கு வேண்டும். அந்தப் புதியவர்கள் ஒவ்வொருவரும் எப்படி வந்தார்கள் என்று அண்ணனைக் கேட்டால் எல்லாமே மனப்பாடம். இவர் அந்த ஊர் ஸ்வீட் கடையின் மச்சான், அவர் லாரி ஆபீசில் டின்மேல் இருந்த பெயரைப் பார்த்துக் கூப்பிட்டவர், இன்னொருவர் ஒரு சமையல் மாஸ்டர் சொல்லி வந்தவர். எல்லோருமே முதலில் சாம்பிள் வாங்கித்தான் பார்த்திருக்கிறார்கள். சாம்பிள் பார்க்காமல் டின் வாங்கினவர் ஒருத்தர்கூட இல்லை.

அடுத்து பையனின் கனவைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். விலை தினமும் ஆடுகிற சரக்கு என்பதால் இதைக் கணக்குக்கான எண்களாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ பாக்கெட்டை 480 ரூபாய்க்கு விற்கிறோம், சரக்கின் அடக்கம் 410 என்று வையுங்கள். மிச்சம் 70. அட்டைப் பெட்டி, உள் கவர், லேபிள் 15 ரூபாய். ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிற நிறுவனங்கள் பொதுவாக இரண்டு சதவீத அளவில் கழிக்கும், அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 11 ரூபாய் போகும். 44 ரூபாய் மீதி. அதில் கூரியர் கட்ட முடியுமா? முடியாது. கூரியர் காசை வாடிக்கையாளர் தலையில் வைத்தால் அவருக்குப் பக்கத்துத் தெரு கடையே மலிவாகிவிடும். இதில் பெட்டி நசுங்கி வந்தது, எண்ணெய் வாடை அடிக்கிறது, இன்னும் வரவில்லை என்று வருகிற போன்களை யார் எடுப்பது என்ற கேள்வியும் உண்டு. யூனிட்டில் அதற்கென்று ஆள் கிடையாது. இருக்கிறவர்கள் எல்லாம் தோல் உரிக்கவும் ரகம் பிரிக்கவும்.

மொத்தம் என்றால், கிலோவுக்கு 20 ரூபாய்தான் நிற்கிறது என்று வைத்தாலும் 10 கிலோ டின்னுக்கு 200. ஒரு கடை ஐந்து டின் எடுத்தால் 1,000 ரூபாய். லாரி வாடகை பெரும்பாலும் டு-பே, அதாவது சரக்கை எடுக்கிற கடைக்காரரே அங்கே கட்டிக்கொள்வார். சரக்கு பிடித்துவிட்டால் அதே கடை அடுத்த மாதமும் கூப்பிடும். பையனுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் கணக்கை அவனேதான் போட்டான், அதனால் என்மேல் கோபம் இல்லை.

இதற்கு அர்த்தம் ஆன்லைன் சில்லறை வியாபாரம் ஓடாது என்பதல்ல. கிஃப்ட் பாக்ஸ், மசாலா முந்திரி என்று மதிப்பைக் கூட்டி, பேக்கிங்குக்கு ஆள் வைத்து நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த யூனிட்டுக்கு இப்போது அது ஓடாது, அவ்வளவுதான். சைட்டின் குறிக்கோளை அடுத்தவன் சைட்டைப் பார்த்து எடுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அவன் பில் புக் நம்மிடம் இல்லை.

ஆக, குறிக்கோளை ஒரே வாக்கியமாக எழுத உட்கார்ந்தோம். பையன் முதலில் எழுதியது: "தமிழ்நாடு முழுவதும் எங்கள் பிராண்டை வளர்ப்பது." இதை வைத்துக்கொண்டு ஒரு பட்டனைக்கூட எங்கே வைப்பது என்று முடிவு செய்ய முடியாது. இரண்டாவது: "மொத்த விற்பனையைக் கூட்டுவது." இது பரவாயில்லை, ஆனால் விற்பனை சைட்டில் நடப்பதில்லையே. சைட்டைப் பார்த்த கையோடு ஐந்து டின்னுக்குப் பணம் அனுப்பப்போகிறவர் யாரும் கிடையாது. சாம்பிள் போய், அதை அவர் வறுத்தோ அரைத்தோ பார்த்து, விலை பேசி, பிறகுதான் டின். சைட்டுக்குள் நடக்கக்கூடிய கடைசிக் காரியம் எதுவோ அதுதான் சைட்டின் குறிக்கோள். அதற்கு அப்புறம் நடப்பது எல்லாம் சரக்கின் தரமும் அண்ணனின் பேச்சும்.

கடைசியில் நின்ற வாக்கியம் இது: பண்ருட்டியிலிருந்து இதுவரை நேரடியாக வாங்காத ஸ்வீட் கடைக்காரர் அல்லது கேட்டரிங் நடத்துகிறவர், தன் கடைப் பெயரையும் ரகத்தையும் சொல்லி வாட்ஸ்அப்பில் சாம்பிள் கேட்க வேண்டும், மறுநாளே சாம்பிள் கூரியரில் கிளம்ப வேண்டும்.

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. யார், என்ன செய்கிறார், அதற்கு நம் பக்கம் என்ன நடக்கிறது. மூன்றாவதைப் பெரும்பாலும் எல்லோருமே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியம். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க இந்தப் பக்கம் ஆள் இல்லை என்றால் அந்தக் குறிக்கோளை எழுதுவதே வீண். வாட்ஸ்அப் பார்ப்பது, சாம்பிள் பொட்டலம் கட்டுவது இரண்டும் பையன் பொறுப்பு என்று அங்கேயே முடிவானது. அவனுக்கும் கனவு போன இடத்தில் ஒரு வேலை கிடைத்தது.

வாக்கியம் நின்ற பிறகு அவன் கொண்டுவந்த பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டோம்: இது இருந்தால் அந்த ஸ்வீட் கடைக்காரர் சாம்பிள் கேட்பாரா? எங்கள் நோக்கம், போச்சு. கேலரி, போச்சு. வலைப்பதிவு, யார் எழுதுவது என்று கேட்டதுமே போச்சு. பணம் கட்டுகிற வசதியும் போச்சு. டிரோன் வீடியோவுக்குத்தான் கொஞ்சம் சண்டை நடந்தது. நான் சொன்னது இதுதான்: பார்க்கப்போகிறவர் மதியம் ரெண்டு மணிக்கு ஸ்வீட் கடைக்குப் பின்னாலிருக்கிற சமையல் கொட்டகையில் நின்றுகொண்டு, ஒரு கையில் போனை வைத்துப் பார்ப்பார். சிக்னல் சுமாராக இருக்கும். தோப்பு வீடியோ இறங்குவதற்குள் மாஸ்டர் அவரைக் கூப்பிட்டுவிடுவார்.

எங்களைப் பற்றிப் பக்கத்தில்தான் எனக்கே சந்தேகம் வந்தது. அண்ணன் சொன்ன கதை நல்ல கதை. தாத்தா காலத்துத் தோப்பு, 2011 டிசம்பர் 30 காலையில் கரை கடந்த தானே புயலில் மரங்கள் வேரோடு சாய்ந்தது, அதற்குப் பிறகு வெளிக் கொட்டையையும் வாங்கி ஓட்ட ஆரம்பித்தது. கடலூர் மாவட்டத்துக்காரன் எனக்கு அதைக் கேட்கும்போது நெஞ்சு கனத்தது. ஆனால் கேள்வி கேள்விதான், இதைப் படித்துச் சாம்பிள் கேட்பாரா? யோசித்தால் ஒரு வரி மட்டும் உதவும். மொத்தமாக வாங்குகிறவர் எப்படியும் கேட்கிற கேள்வி, உள்ளூர்க் கொட்டையா ஆப்பிரிக்கக் கொட்டையா என்பது. அதனால் கதையில் அந்த விஷயம் மட்டும் தங்கியது: எந்த ரகம் உள்ளூர்க் கொட்டை, எதற்கு இறக்குமதிக் கொட்டை. ஒளிக்காமல் எழுதினோம். மற்றதை அண்ணன் போனில் சொல்லிக்கொள்ளட்டும், அவர் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு நீளப் பக்கம். அதில் அதிக நேரம் எடுத்தது ரகப் பட்டியல். தொழிலில் இருப்பவர்கள் டபிள்யூ 240, டபிள்யூ 320 என்பார்கள். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 300 முதல் 320 முழுப் பருப்பு இருக்கும். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது. இது பெரிய கடையின் பர்ச்சேஸ் ஆளுக்குத் தெரியும். சின்ன ஊரில் சொந்தமாகக் கடை நடத்துகிறவர், "கத்லிக்கு அரைக்க எது, மேலே ஒட்ட எது, பிரியாணிக்கு எது" என்றுதான் கேட்பார். எனவே பட்டியலை வேலையிலிருந்து ஆரம்பித்தோம். இனிப்பின்மேல் அலங்காரத்துக்கு முழுசு, பிரியாணிக்கும் பொங்கலுக்கும் பிளவு, கத்லிக்கு அரைக்கத் துண்டு. ரகத்தின் எண் பக்கத்திலேயே சின்னதாக. கத்லிக்கு முழுசு வாங்கிக்கொண்டிருக்கிற ஆள் இதைப் பார்த்தால் அந்த ஒரு வரிக்காகவே பேசுவார் என்று அண்ணன் சொன்னார், அது அவர் அனுபவம்.

போட்டோ எல்லாம் பையனே போனில் எடுத்தான். ஜன்னல் வெளிச்சம், கறுப்புத் துணி, பக்கத்தில் ஒரு ஸ்கேல். ஃபிளாஷ் போட்டால் பருப்பு வெள்ளை வெளேரென்று தெரியும், நிஜத்தில் அது இளம் மஞ்சளாக இருக்கும். கூடையில் இருப்பதிலேயே நல்லதைப் பொறுக்கிப் படம் எடுக்காதே, கையில் அள்ளி வருவதை எடு என்றேன். காரணம் எளிது. கடைக்காரர் போட்டோவோடு சாம்பிளை ஒப்பிடுவார், சாம்பிளோடு டின்னை ஒப்பிடுவார். இரண்டில் எங்கே இடித்தாலும் ஆள் போய்விடுவார். போட்டோ அழகாக இருப்பது இங்கே குறிக்கோளுக்கே எதிரி.

ரகப் பட்டியலுக்குக் கீழே ஜிஎஸ்டி எண், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், குறைந்தபட்சம் ஒரு டின் என்ற வரி, எந்தெந்த ஊருக்கு லாரி சர்வீஸ் போகிறது என்ற விவரம். பார்க்க அழகில்லாத சமாச்சாரங்கள்தான். ஆனால் பில்லோடு வாங்கி வரியைக் கழித்துக்கொள்ள நினைக்கிற கடைக்காரர் தேடுவது இவற்றைத்தான்.

விலை போடுவதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் பேசினோம். வாங்குகிறவன் கோணத்தில் விலை இல்லாத பக்கம் எரிச்சல்தான், நானே அப்படிப் பக்கங்களை மூடிவிடுவேன். ஆனால் போன மாத விலை அப்படியே கிடந்தால் அதைவிடக் கெடுதல், "சைட்ல 50 ரூபா கம்மியா போட்டிருக்கே" என்று பேச்சே சண்டையில் ஆரம்பிக்கும். வாராவாரம் திங்கட்கிழமை மாற்றுவீர்களா என்று கேட்டேன். அண்ணன் சிரித்தார். சரி, விலை வேண்டாம். "இன்றைய விலை சாம்பிளோடு சேர்த்து அனுப்பப்படும்" என்று ஒரு வரி.

மொழியும் வாக்கியத்திலிருந்தே முடிவானது. லாரி ஒரே இரவில் போய்ச் சேருகிற தமிழ்நாட்டு ஊர்கள்தான் இலக்கு, அதனால் முழுக்கத் தமிழ். பெங்களூர்க் கடைகளையும் பிடிக்க வேண்டும் என்றிருந்தால் இந்த முடிவு தப்பாகியிருக்கும்.

பட்டன் ஒன்றே ஒன்று. அதை அழுத்தினால் வாட்ஸ்அப் திறந்து, பாதி எழுதிய செய்தி காத்திருக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=சாம்பிள்%20வேண்டும்.%20கடை:%20ஊர்:%20ரகம்:
```

91-க்கு முன்னால் கூட்டல் குறி வராது, எண்ணுக்கு முன் சைபரும் வராது. இடைவெளி வருகிற இடத்தில் `%20`. இந்தப் பாதிச் செய்தியால் இரண்டு லாபம். கேட்கிறவர் என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டியதில்லை. "சாம்பிள் வேண்டும். கடை:" என்று ஆரம்பிக்கிற செய்தி எல்லாம் சைட்டிலிருந்து வந்தது என்று நமக்கும் தெரிந்துவிடும். கூகுள் அனலிடிக்ஸ் போட்டால் பட்டனை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று காட்டும், போட்டும் வைத்திருக்கிறோம். ஆனால் அழுத்தினவர் எல்லாம் செய்தி அனுப்புவதில்லை, தெரியாமல் விரல் பட்டவரும் அதில் உண்டு. அதனால் நிஜக் கணக்கு பையனின் நோட்டில்தான்: கேட்டவர், சாம்பிள் போன தேதி, டின் எடுத்தாரா இல்லையா.

குறிக்கோளில் ஓட்டை இருந்தால் அது முதலில் தெரிவது வருகிற செய்திகளின் ரகத்தில்தான். எண்ணிக்கை நன்றாக இருந்து ஆள் தப்பாக இருக்கலாம். இந்த சைட்டிலும் ஆரம்பத்தில் "ஒரு கிலோ என்ன விலை, வீட்டுக்கு அனுப்புவீங்களா" என்று நிறைய வந்தது. பட்டனுக்கு மேலே "கடைகளுக்கும் கேட்டரிங்குக்கும் மட்டும், குறைந்தது 10 கிலோ டின்" என்று பெரிதாகப் போட்டதும் அது அடங்கியது. பையன், "மெசேஜ் குறைஞ்சிடுச்சுண்ணா" என்று வருத்தப்பட்டான். குறையட்டும் என்றேன், நோட்டில் டின் கட்டத்தைப் பார்.

இலவச சாம்பிள் என்றால் சும்மா கேட்கிறவர்களும் வருவார்கள். 250 கிராம் முந்திரி சும்மா கிடைத்தால் யார் விடுவார்கள்? கடையின் ஜிஎஸ்டி எண் அல்லது கடைப் பலகையின் போட்டோ அனுப்பச் சொல்லிவிட்டு, சரக்கு இலவசம், கூரியர் காசு மட்டும் அனுப்புங்கள், முதல் பில்லில் கழித்துவிடுகிறோம் என்று ஒரு வழக்கம் வைத்தார்கள். நிஜமான கடைக்காரர் அதற்குத் தயங்குவதில்லை.

வாசலுக்கு வந்து அரைக் கிலோ வாங்குகிறவர்களை இந்தப் பக்கம் கண்டுகொள்ளவே இல்லையே என்று அண்ணனின் மனைவிக்கு ஒரு குறை. நியாயம்தான். ஆனால் அவர்களுக்கு வேண்டியது வழியும், திறந்திருக்கிற நேரமும், போன் நம்பரும். அதற்கு கூகுள் மேப்பில் கடையைச் சரியாகப் பதிந்து வைத்தால் போதும், அதற்குச் செலவும் இல்லை. அதை அன்றைக்கே செய்து கொடுத்தேன். ஒரு குறிக்கோளை சைட்டிலிருந்து வெளியே தள்ளினால் அதைக் கைவிட்டதாக அர்த்தம் இல்லை, அதற்கு வேறு இடம் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு விஷயம் இந்த முறையால் தீராது. சைட் தானாக ஆட்களைக் கூட்டி வராது. முந்திரி மொத்த விலை என்று தேடினால் முன்னால் நிற்பது பெரிய வணிகத் தளங்கள்தான், ஒற்றைப் பக்க சைட் அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்க முடியாது. பழைய பில்களில் புதியவர்கள் எப்படி வந்தார்கள் என்று பார்த்தது இங்கே மறுபடி உதவியது: டின்மேல் இருந்த பெயரைப் பார்த்து, மாஸ்டர் சொல்லி, சொந்தக்காரர் சொல்லி. அப்படியானால் சைட்டின் முகவரியும் அங்கேதான் இருக்க வேண்டும். டின் லேபிளில் ஒரு கியூஆர், பில்லின் அடியில் ஒன்று, சமையல் மாஸ்டர்களுக்குக் கொடுக்கிற விசிட்டிங் கார்டில் ஒன்று. பெயரைக் கேள்விப்பட்டவர் நிஜமான ஆள்தானா என்று சரிபார்க்க வருகிற இடம்தான் இந்தப் பக்கம்.

இப்போது பையன் தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் போடலாமா என்று கேட்கிறான். போடலாம். ஆனால் அது வேறு ஆள், வேறு காரியம், அதனால் தனிப் பக்கம், தனி வாட்ஸ்அப் எண், பேக்கிங்குக்குத் தனி ஆள். இந்தப் பக்கத்தின் தலையில் அதற்கு ஒரு பேனர்கூட வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பேக்கிங்குக்கு ஆள் கிடைத்ததும் வாக்கியத்தை எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.